மூன்று மாதச் சட்டை எந்த மாதம் வரை?

குழந்தைத் துணியின் கழுத்தில் 0–3 மாதம், 3–6 மாதம் என்று அச்சிட்டிருக்கும். வயதை வைத்து யாரும் துணி வெட்ட முடியாது. வெட்டுபவருக்குத் தேவைப்படுவது மார்புச் சுற்றளவு, தோளிலிருந்து கவட்டை வரையுள்ள நீளம், கையின் நீளம் போன்ற அளவுகள். இவை எல்லாம் இத்தனை சென்டிமீட்டர் நீளமும் இத்தனை கிலோ எடையும் உள்ள ஓர் உடலை மனத்தில் வைத்துக் குறிக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட உடல் ஏறக்குறைய எந்த மாதத்தில் இருக்கும் என்று பார்த்து, கடைசியில் வயதைச் சேர்க்கிறார்கள். ஆக, லேபிளில் முதலில் கண்ணில் படும் எண்தான் இருப்பதிலேயே நம்பகம் குறைந்தது.

வயதைப் போடுவதற்கு ஒரு காரணம் உண்டு. பச்சைக் குழந்தையின் துணிகளில் பெரும்பகுதியை வாங்குவது பெற்றோர் அல்ல. அத்தை, மாமா, பாட்டி, அலுவலக நண்பர்கள். அவர்களுக்குக் குழந்தை பிறந்த தேதி தெரியும், எடையும் நீளமும் தெரியாது. அதே கடையில், பக்கத்து அலமாரியில் இருக்கும் டயப்பர் வேறு முறையில் விற்கப்படுகிறது. பிறந்த குழந்தைக்கு 5 கிலோ வரை, சிறியது 4 முதல் 8 கிலோ, நடுத்தரம் 7 முதல் 12 கிலோ என்று இந்தியக் கடைகளில் பொதுவாகக் காணலாம். டயப்பர் பொருந்தாவிட்டால் அரை மணி நேரத்தில் கசிந்து காட்டிக் கொடுத்துவிடும். அதனால் தயாரிப்பாளர் எடையைச் சொல்லாமல் தப்ப முடியாது. அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதும் சரியான ஏற்பாடே. 4.5 கிலோ குழந்தைக்கு இரண்டு அளவும் பொருந்தும். தொடை பருத்திருக்கிறதா, ஒல்லியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒன்று மற்றதைவிட நன்றாக நிற்கும். சட்டைக்கும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

வளர்ச்சியின் வேகம்

வயது ஏன் துணிக்குச் சரியான அளவுகோல் ஆகாது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடங்களே சான்று. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்து, 2006இல் அந்த நிறுவனம் இவற்றை வெளியிட்டது. இந்தியாவிலிருந்து தெற்கு டில்லிக் குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். வரைபடத்தின் நடுக்கோட்டில் உள்ள ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3 கிலோ எடையும் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் நீளமும் இருக்கும். மூன்று மாதத்தில் 6.4 கிலோ, 61 சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் 7.9 கிலோ, 67.5 சென்டிமீட்டர். ஒரு வயதில் 9.6 கிலோ, 76 சென்டிமீட்டர். பெண் குழந்தை பிறக்கும்போது 3.2 கிலோவில் தொடங்கி மூன்று மாதத்தில் 5.8, ஆறு மாதத்தில் 7.3, ஒரு வயதில் 8.9 கிலோ என்று சற்றுக் குறைவாக நகரும்.

இந்த எண்களில் துணி வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேகம். முதல் மூன்று மாதத்தில் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அடுத்த ஒன்பது மாதத்தில் கூடுவதும் கிட்டத்தட்ட அதே மூன்று கிலோதான். நீளமும் அப்படியே. முதல் மாதத்தில் மட்டும் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும் குழந்தை, ஒரு வயதை நெருங்கும்போது மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக மட்டுமே நீள்கிறது.

ஒரே வயதுக் குழந்தைகளுக்கு இடையிலான வேறுபாடும் பெரியது. மூன்று மாத ஆண் குழந்தைகளில் மிகச் சிறிய மூன்று விழுக்காட்டினர் 5.1 கிலோவுக்குக் கீழே இருப்பார்கள். மிகப் பெரிய மூன்று விழுக்காட்டினர் 7.9 கிலோவுக்கு மேலே இருப்பார்கள். இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் உள்ள எல்லாக் குழந்தைகளும் இயல்பான வளர்ச்சி உடையவர்களே. மூன்று மாதம் என்ற ஒரே லேபிள் இவர்கள் அனைவருக்கும் பொருந்த வேண்டுமானால், ஒரு முனையில் உள்ள குழந்தை சட்டைக்குள் மூழ்கிவிடும். மறுமுனையில் உள்ள குழந்தைக்குப் பொத்தானே பூட்டாது.

இந்தியாவில் இன்னொரு விலகலும் உண்டு. இங்கே பிறப்பு எடையின் சராசரி 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில், எடை பதிவான குழந்தைகளில் ஏறக்குறைய 18 விழுக்காட்டினர் 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்திருந்தனர். அமெரிக்க, ஐரோப்பிய உடலை மனத்தில் வைத்துத் தைத்த துணி, இங்கே பிறக்கும் பல குழந்தைகளுக்கு முதல் வாரங்களில் தொளதொளவென்று கிடப்பது இதனால்தான்.

லேபிள் உண்மையில் சொல்வது

உலகச் சந்தையில் குழந்தைத் துணிக்கு முக்கியமாக இரண்டு வகை அளவு முறைகள் புழங்குகின்றன. ஒன்று ஐரோப்பிய முறை. அதில் எண் என்பது குழந்தையின் நீளம், சென்டிமீட்டரில். 50, 56, 62, 68, 74, 80 என்று ஆறு ஆறாக ஏறும். 62 என்று போட்டிருந்தால், 57 முதல் 62 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள குழந்தைக்கு அது பொருந்தும். மற்றது அமெரிக்க, பிரிட்டிஷ் முறை. அதில் மாதம் முன்னால் நிற்கும். எடையும் நீளமும் பின் அட்டையிலோ கடையின் அட்டவணையிலோ சிறிய எழுத்தில் இருக்கும். இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் 0–3, 3–6 என்று போடுகின்றன.

அமெரிக்கத் துணிகளில் மாதம் தனி எண்ணாக, 3 எம், 6 எம் என்றும் வரும். அது பொதுவாக அளவின் மேல் எல்லை. 3 எம் என்றால் மூன்று மாதம் வரை என்று பொருள். மூன்றாம் மாதத்தில் தொடங்குவது என்று பொருளல்ல. குழந்தை மூன்று மாதத்தை எட்டியதும் போடலாம் என்று பெட்டியில் எடுத்து வைத்த அழகான உடை, வெளியே எடுக்கும்போது சிறிதாகிப் போயிருப்பது இதனால்தான்.

அங்கே பரவலாகக் காணப்படும் ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். பிறந்த குழந்தைக்கான என்.பி. அளவு 3.6 கிலோ, 55 சென்டிமீட்டர் வரை. 3 எம் அளவு 3.6 முதல் 5.7 கிலோ வரை, 61 சென்டிமீட்டர் வரை. 6 எம் 7.5 கிலோ வரை. 9 எம் 9.3 கிலோ வரை. 12 எம் ஏறக்குறைய 11 கிலோ வரை. இதை வளர்ச்சி வரைபடத்தின் பக்கத்தில் வைத்தால் நடப்பது தெளிவாகும். நடுக்கோட்டு ஆண் குழந்தை 5.7 கிலோவை இரண்டு மாதம் முடிந்த சில நாள்களிலேயே தொட்டுவிடுகிறது. மூன்று மாதத் துணி ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே ஓய்வு பெறுகிறது. 7.5 கிலோவை ஐந்தாம் மாதத்தில் தொடுகிறது. ஆறு மாதத் துணியும் ஒரு மாதம் முன்னதாகவே போகிறது. ஆனால் 9.3 கிலோவைத் தொடப் பத்து மாதம் ஆகிவிடும். அதற்கடுத்த 12 எம் துணி ஒன்றரை வயதைத் தாண்டியும் போட முடியும். அதாவது தொடக்கத்தில் லேபிள் குழந்தைக்குப் பின்னால் ஓடுகிறது. ஒரு வயதுக்குள் குழந்தையை முந்திவிடுகிறது. பெண் குழந்தைகளுக்கு இந்த முந்தல் இன்னும் சீக்கிரம் நடக்கும். நடுக்கோட்டுப் பெண் குழந்தைக்கு 3 எம் துணி மூன்று மாதம் வரைக்கும் சரியாக வரும். 9 எம் துணி பதின்மூன்று மாதம் வரை நீடிக்கும்.

விளிம்புகளில் உள்ள குழந்தைகளை அதே 3 எம் துணியோடு பொருத்திப் பார்க்கலாம். மிகப் பெரிய மூன்று விழுக்காட்டு ஆண் குழந்தை ஒரு மாதத்திலேயே 5.7 கிலோ ஆகிவிடும். மிகச் சிறிய மூன்று விழுக்காட்டுக் குழந்தைக்கு நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். ஒரே துணியின் ஆயுள் முப்பது நாளில் முடியலாம், நூற்றிருபது நாளைத் தாண்டியும் போகலாம்.

ஐரோப்பிய எண்களும் இதே கதையை இன்னும் நேராகக் காட்டுகின்றன. படிகள் எல்லாம் சமமான ஆறு சென்டிமீட்டர். குழந்தை அவற்றைக் கடக்கும் காலம் மட்டும் சமமில்லை. நடுக்கோட்டு ஆண் குழந்தை 50இலிருந்து 56க்குப் போக ஆறு வாரம் போதும். 56இலிருந்து 62க்கு எட்டு வாரம். 62இலிருந்து 68க்கு மூன்று மாதம். அடுத்த படிக்கு நான்கு மாதத்துக்கு மேல், அதற்கடுத்ததற்கு ஐந்து மாதம். துணியின் எண்ணிக்கையை முடிவு செய்ய இதைவிடச் சிறந்த வழிகாட்டி இல்லை. ஆறு வாரத்தில் முடிந்துவிடும் அளவில் குறைவாகவும், நான்கைந்து மாதம் போடும் அளவில் தாராளமாகவும் வாங்குவதே முறை. பல வீடுகளில் பிறந்த குழந்தை அளவில் இருபது உடை குவிந்து, ஆறு மாதத்துக்கு மேல் போட ஒன்றுமில்லாமல் போவது இதற்கு நேர் எதிர்.

இந்த இரண்டு முறைகளும் தமிழ்நாட்டுக் கடைகளில் கலந்து கிடக்கின்றன. திருப்பூர் பின்னலாடை ஆலைகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் குழந்தை உடைகளைத் தைத்து அனுப்புகின்றன. ஒவ்வொரு வெளிநாட்டு நிறுவனமும் தன் அளவு அட்டவணையைக் கொடுத்துத்தான் தைக்கச் சொல்கிறது. ஒரே துணியில், ஒரே கூரையின் கீழ் தைத்த மூன்று மாதச் சட்டைகள் இரண்டு அளவில் வேறுபடலாம். ஏற்றுமதியில் மிஞ்சியது உள்ளூர்க் கடைகளுக்கு வரும்போது 62 என்ற எண்ணைப் பார்த்துத் திகைப்பவர்கள் பலர். அதுவே அங்குள்ள மற்ற எல்லா லேபிள்களையும்விட உண்மையான தகவலைச் சொல்லும் எண்.

லேபிள் சொல்லாத ஒன்றும் உண்டு: சுருக்கம். பருத்திப் பின்னல் துணி முதல் சில சலவைகளில் ஐந்து விழுக்காடு வரை நீளத்தில் சுருங்குவது சாதாரணம். 56 சென்டிமீட்டர் நீளமுள்ள பாதம் மூடிய முழு உடை ஒன்று இப்படிச் சுருங்கினால் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் போய்விடும். அது அரை அளவு. எல்லையில் இருக்கும் குழந்தைக்கு இந்த அரை அளவே துணி ஏறுவதற்கும் ஏறாததற்கும் நடுவில் நிற்பது. கடையில் அளந்து பார்ப்பவர் இதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். துணியை உடுத்தும் முன் ஒருமுறை துவைப்பது எப்படியும் அவசியம். மடிப்புக் குலையாமலிருக்கப் பூசிய ரசாயனங்களும் கஞ்சியும் அதில்தான் போகும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைத்து லேபிளைக் கிழித்துவிடக் கூடாது. போடாமல் போகக்கூடிய அளவுகளை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அத்தோடு முடிந்துவிடும்.

இரண்டு குழந்தைகள்

ஏப்ரல் தொடக்கத்தில் ஓசூரில் 2.7 கிலோ எடையும் 48 சென்டிமீட்டர் நீளமுமாக ஒரு பெண் குழந்தை பிறப்பதாக வைத்துக்கொள்ளலாம். முதல் சில நாள்களில் எல்லாக் குழந்தைகளையும் போல அதுவும் எடை இழக்கும், 2.5 கிலோ வரை இறங்கி, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். ஆகவே வீட்டுக்கு வரும் குழந்தை பிறப்புச் சீட்டில் உள்ளதைவிடச் சிறியது. மேலே சொன்ன அட்டவணைப்படி என்.பி. அளவு இதற்கு முதல் மாதம் முழுவதும், அதற்கு மேல் சில நாளும் வரும். அந்த அளவில் கூட முதல் பத்து நாள் கைகள் தொங்கும்.

தன் வளர்ச்சிக் கோட்டைவிட்டு விலகாமல் வளர்ந்தால், மூன்று மாதத்தில் அது 5.1 கிலோ அளவில் இருக்கும். 3 எம் துணியில் இன்னும் இடம் இருக்கும்; நான்கு மாதம் வரை அதுவே போதும். ஆறு மாதத்தில் 6.3 கிலோ. ஆறு மாதத் துணியின் நடுப்பகுதியைக்கூட அது எட்டவில்லை. பத்து மாதம் வரை அந்த அளவே ஓடும். இப்போது மார்கழிக் குளிரை நினைத்து உறவினர் ஒருவர் ஸ்வெட்டர் வாங்குகிறார். அப்போது குழந்தைக்கு எட்டு மாதம் முடிந்திருக்கும் என்று விரல்விட்டு எண்ணி 9 எம் அளவை எடுக்கிறார். குழந்தையோ அப்போது 7 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அதற்குப் பொருந்துவது 6 எம். அந்த ஸ்வெட்டர் சரியாக வரும் நேரத்தில் ஓசூரில் மாசி வெயில் அடிக்கத் தொடங்கிவிடும்.

அதே நாளில் அதே மருத்துவமனையில் 3.9 கிலோவில் ஓர் ஆண் குழந்தை பிறக்கிறது. அதற்கு என்.பி. அளவு பிறந்த அன்றே சிறியது; முதல் வாரத்தில் எடை இறங்கும்போது ஓரிரு நாள் வேண்டுமானால் வரும். 3 எம் துணி ஆறு வாரத்தில் முடிந்துவிடும். 6 எம் துணி மூன்றரை மாதத்தில் முடியும். மூன்றரை மாதம் ஆகும்போது பெண் குழந்தை 3 எம் துணியில் இருக்கும், ஆண் குழந்தை 9 எம் துணிக்கு மாறிக்கொண்டிருக்கும். இருவருக்கும் வயது ஒன்றே, இருவரும் நலமே.

இந்தக் கணக்கைப் போட எடை தெரிய வேண்டும். இந்தியத் தடுப்பூசி அட்டவணையே அதற்கு வழி செய்கிறது. பிறந்தவுடன், பிறகு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டு போகும்போது எடை பார்த்து அட்டையில் எழுதுவார்கள். அளவு மிக வேகமாக மாறும் காலமும் அதுவே. அந்த எடையை லேபிளின் மேல் எல்லையோடு ஒப்பிட்டு, அரைக் கிலோதான் மிச்சம் என்றால் அடுத்த அளவை எடுக்கலாம். முதல் மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் ஏறும் குழந்தைக்கு அரைக் கிலோ என்பது இரண்டரை, மூன்று வாரம். அதற்குள் துணியைத் துவைத்துத் தயாராக வைத்துவிட முடியும்.

நீளத்தை வீட்டில் அளப்பது கொஞ்சம் கடினம். பிறந்த குழந்தை முழங்காலை மடக்கியே கிடக்கும். ஒருவர் தலையை நேராகப் பிடித்துக்கொள்ள, மற்றவர் முழங்காலை மெல்ல நீட்டி, உச்சந்தலையையும் குதிகாலையும் விரிப்பில் குறித்துக்கொண்டு அளக்க வேண்டும். மடங்கிய காலோடு அளந்தால் பல சென்டிமீட்டர் குறையும். எடையும் நீளமும் வேறு வேறு அளவைக் காட்டினால் உடையின் வகையைப் பார்த்து முடிவெடுக்கலாம். பாதம் மூடிய முழு உடைக்கு நீளம் முக்கியம். மேல்சட்டைக்கும் ஜட்டிக்கும் எடை. துணி நாப்பி கட்டும் வீடுகளில் கவட்டையில் பொத்தான் போடும் உடைகள் ஓர் அளவு பெரிதாகவே தேவைப்படும். நாப்பியின் பருமன் தோளிலிருந்து கவட்டை வரையுள்ள தூரத்தைத் தின்றுவிடுகிறது.

எதை வாங்குவது

அளவின் தொல்லை எல்லா உடைக்கும் ஒரே மாதிரி இல்லை. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. தலைச் சுற்றளவு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். மார்பு அதைவிட ஓரிரு சென்டிமீட்டர் குறைவு. ஒரு வயதை நெருங்கும்போதுதான் இரண்டும் சமமாகும். அதனால் தலைவழியே போடும் சட்டை மார்புக்குச் சரியாக இருந்தால் தலையில் ஏறாது. தலையில் ஏறினால் மார்பில் தொளதொளக்கும். கழுத்து இன்னும் நிற்காத குழந்தைக்கு அதைப் போட்டுக் கழற்றுவது இரு தரப்புக்கும் வேதனை.

முன்னாலோ பின்னாலோ நாடா முடியும் ஜப்லா இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை. தலைவழியே எதுவும் போக வேண்டியதில்லை. முடிச்சை இறுக்கியும் தளர்த்தியும் மார்பு கூடக் கூட விட்டுக்கொடுக்கலாம். கவட்டையில் பூட்டு இல்லாததால் நீளம் கூடினாலும் இழுக்காது. ஒரே ஜப்லா 2.7 கிலோவிலும் 4.5 கிலோவிலும் பொருந்துவதற்கு இந்த வடிவமே காரணம். வெப்பமான ஊர்களில் முதல் இரண்டு மாதத்துக்கு இதைவிட நல்ல உடை கிடையாது. நாடா நீளமாகத் தொங்கக் கூடாது. தைத்த இடம் உறுதியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கட்டும் கயிறு, தொப்பியின் கீழே முடியும் நாடா ஆகியவை தூங்கும் குழந்தைக்கு ஆபத்து, அவை வேண்டாம். புதுத் துணிக்கு முன்பு பழைய வேட்டியையோ புடவையையோ கிழித்து முதல் நாள்களில் சுற்றும் பழக்கமும் இங்கே சரியாகப் பொருந்துகிறது. பலமுறை துவைத்துச் சுருங்கி முடிந்த மென்துணி அது. அளவு என்ற பிரச்சினையே அதற்கில்லை. நன்கு துவைத்து வெயிலில் உலர்ந்திருந்தால் போதும்.

கவட்டையில் ப்ரஸ் பட்டன் வைத்த, தலைவழியே போடும் உடையை வாங்கினால் தோளில் ஒரு துணி மற்றொன்றின்மேல் ஏறியிருக்கும் வகையைத் தேட வேண்டும். அந்த மடிப்பு கழுத்தை அகல விரியவிடும். மலம் முதுகுவரை கசிந்த நேரத்தில், அழுக்கான உடையைத் தலைவழியே இழுக்காமல் தோள்வழியே கீழே உருவிவிடலாம் என்பது அதன் பெரிய நன்மை.

எண்ணிக்கையை முடிவு செய்வது துவைப்பும் உலர்வும். பால் கக்கியும் நாப்பி கசிந்தும் ஒரு நாளில் நான்கு மேல்சட்டை மாற்ற நேரும் என்று வைத்தால், துவைத்தது அன்றே உலரும் வெயில் காலத்தில் எட்டு போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் உலர இரண்டு நாள் ஆகும் வீட்டில் பன்னிரண்டு வேண்டும். பிறக்கப்போகும் குழந்தையின் எடை தெரியாத நிலையில் இவற்றில் நான்கை மட்டும் பிறந்த குழந்தை அளவில் எடுத்து, மிச்சத்தை அடுத்த அளவில் எடுப்பது பாதுகாப்பு. கடைசி மாத ஸ்கேனில் சொல்லும் எடை வெறும் மதிப்பீடு. பத்து விழுக்காடும் அதற்கு மேலும் தவறலாம். அதை நம்பி முழுவதையும் ஒரே அளவில் வாங்கத் தேவையில்லை. பெரிய துணியின் கையை மடித்துவிட முடியும், சிறிய துணியை நீட்ட முடியாது.

துணி நாப்பி மட்டும் கட்டும் வீட்டில் இரண்டு டஜனுக்குக் குறையாமல் வேண்டும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மாற்ற வேண்டியிருக்கும். சுற்றும் துணி நான்கைந்து, துண்டு இரண்டு மூன்று, குல்லா இரண்டு, காலுறை இரண்டு மூன்று ஜோடி. சுற்றும்போது கால்கள் மடங்கி அகல விரிய இடம் இருக்க வேண்டும். நேராக நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகும் வாய்ப்பு கூடும். குல்லாவும் காலுறையும் பிறந்த முதல் நாள்களுக்கும் குளிர் நேரத்துக்கும் உரியவை. சித்திரை வெயிலில் வீட்டுக்குள் குல்லா போட்டுத் தூங்கவைத்தால் குழந்தை அளவுக்கு மீறிச் சூடாகும். தலைவழியே அது கணிசமான வெப்பத்தை வெளியேற்றுகிறது. முதுகிலோ பிடரியிலோ கைவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறைக்க வேண்டும். உள்ளங்கை குளிர்ந்திருப்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பிறந்த குழந்தையின் கைகால் சாதாரணமாகவே குளிர்ந்திருக்கும்.

கையுறையையும் காலுறையையும் வாங்கியதும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் பார்க்க வேண்டும். தையல் ஓரத்தில் தளர்ந்து தொங்கும் நூல் விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே தடைப்படும். பேசத் தெரியாத குழந்தை அழுதுகொண்டே இருக்கும். உறைக்குள் விரல் சிவந்து வீங்கியிருப்பது யார் கண்ணிலும் படாது. காரணம் புரியாத தொடர் அழுகையில் உறைகளைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் பார்ப்பது மருத்துவர்களும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று.

ஓர் உடை சிறிதாகிவிட்டதைக் கழுத்து லேபிள் சொல்லாது, துணியே சொல்லும். முழு உடையில் கால்விரல்கள் பாதப் பகுதியின் முனையில் மடங்கி நிற்கும். கவட்டைப் பொத்தான் போட்டதும் கழுத்துப் பகுதி கீழே இழுபடும். தொடையிலும் இடுப்பிலும் எலாஸ்டிக் பதிந்த சிவப்புத் தடம் துணியைக் கழற்றி அரை மணி ஆகியும் மறையாது. மிகப் பெரிதாக இருப்பதன் அடையாளம் வேறு: படுக்கவைத்ததும் கழுத்துப் பட்டை ஏறி மோவாயையும் வாயையும் தொடும், பாதப் பகுதியிலிருந்து கால் உருவி முழங்காலருகே வந்துவிடும். அப்படி மூக்குவரை ஏறக்கூடிய உடையைத் தூங்கும்போது போடவே கூடாது. வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும் என்ற சிக்கனம் விழித்திருக்கும் நேரத்துக்கு மட்டும் சரி.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வயது லேபிள் முழுக்கவே பயனற்றது. எட்டு வாரம் முன்னதாக 1.8 கிலோவில் பிறந்த குழந்தை, நாள்காட்டிப்படி இரண்டு மாதம் முடிக்கும்போது, நிறைமாதத்தில் அன்று பிறந்த குழந்தையின் அளவை ஒட்டியே இருக்கும். அதற்கென்று 2.3 கிலோ வரையுள்ள தனி அளவு கிடைக்கிறது. இருந்தாலும் அதில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்த வாரங்களில் குழந்தை பெரும்பாலும் தாயின் மார்போடு தோலும் தோலும் ஒட்ட, கங்காரு முறையில் இருக்க வேண்டும். அப்போது தேவைப்படுவது நாப்பியும் குல்லாவும் காலுறையும்தான். ஜப்லாவைப் போடும் வேளையிலும் முன்பக்கம் முழுவதும் திறக்கும் வகையே வசதி. மார்பில் ஒட்டும் கருவிகளின் கம்பிகள் இருந்தாலும் அவற்றைக் கழற்றாமல் உடுத்தலாம். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவமனை எழுதிக் கொடுக்கும் எடையே அதன் முதல் அளவு. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை எடை பார்க்கும்போதும் அளவைப் புதிதாக முடிவு செய்துகொள்ளலாம்.